இரண்டு ஆண்டுகளாக வீட்டில் சொல்லாத உறவு: எப்போது, யாரிடம் முதலில் சொல்வது?

பட்டர்வொர்த் வாசகி · 8 ஜூன் 2025, இரவு 10.15

எனக்கு வயது 27. பெற்றோருடன் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். நாள்தோறும் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். செந்தூலில் இருக்கும் ஒருவரும் நானும் 2023 மார்ச் மாதத்திலிருந்து பழகி வருகிறோம். அவரும் தமிழர்தான், ஆனால் கத்தோலிக்கர். எங்கள் வீட்டிலோ தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்காத ஆண்டே கிடையாது.

முதலில் அக்காவின் திருமணம் முடியட்டும் என்று காத்திருந்தேன். சென்ற டிசம்பரில் அது நல்லபடியாக முடிந்தது. பிறகு, அக்கா புகுந்த வீட்டில் வேரூன்றட்டும், அதற்குள் என் பேச்சை எடுத்தால் அவளுக்குத் தலைக்குனிவாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தக் காரணமும் தேய்ந்துவிட்டது. சென்ற வாரம் அம்மா என் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டார். தைப்பிங்கில் ஒரு குடும்பத்துக்குப் பொருத்தம் இருக்கிறதாம். ஆடி கழிந்ததும் பெண் பார்க்க வருவார்கள் என்கிறார்.

சொல்லலாமா, வேண்டாமா என்பது என் கேள்வியன்று. சொல்லத்தான் போகிறேன். எந்த நாளில், யாரிடம் தொடங்கி, எவ்வளவு சொல்வது என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. கல்லூரியில் படிக்கும் என் தம்பிக்கும், சுங்கை பட்டாணியில் இருக்கும் சித்திக்கும் மட்டும் இது தெரியும்.

கிள்ளான் தம்பி · 8 ஜூன், இரவு 11.40

அக்கா, நீங்கள் 21 வயதைத் தாண்டியவர். பதிவிலாகாவுக்குப் போய்ச் சத்தமில்லாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு வீட்டில் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார். ஆறு மாதத்தில் எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற கோயில் செயலாளர் · 9 ஜூன், காலை 7.05

தம்பி சொன்னதில் வயது சரி. ‘சத்தமில்லாமல்’ என்பது சரியில்லை. கோலாலம்பூரில் ஒரு கோயிலில் 19 ஆண்டுகள் திருமணப் பதிவுப் பாரங்களைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விண்ணப்பித்ததும் பதிவு நடந்துவிடாது. இருவருடைய விவரமும் அடங்கிய அறிவிப்பை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைப்பார்கள். 21 நாள் கழிந்த பிறகே திருமணம் செய்ய முடியும். அதையும் ஆறு மாதத்திற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பலகையை நின்று படிப்பவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பட்டர்வொர்த் போன்ற ஊரில், வேறொரு வேலையாக அங்கே வந்து வரிசையில் நிற்பவர் உங்கள் அப்பாவுடன் வேலை பார்த்தவராகவே இருந்துவிடலாம்.

திருமணத்தைத் தடுக்க மனுக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பிடிக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டினால் அது நிற்காது. ஆனால் அப்படி ஒரு மனு வந்த அன்றே குடும்பம் இரண்டாகிவிடும். நான் இருந்த காலத்தில், பதிவை மறைத்துவிட்டுப் பின்னர் தாலி கட்டும் நாள் குறிக்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காதலைப் பொறுத்துக்கொண்ட அப்பாக்கள்கூட அந்தச் சான்றிதழில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு மண்டபத்தை விட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அம்மா, நீங்கள் கேட்டது சொல்லும் முறையைப் பற்றி. பதிவு அதற்குப் பின்னால் வரட்டும்.

ஜெலுத்தோங் பெரியம்மா · 9 ஜூன், பகல் 2.30

நான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். பதிவு செய்துவிட்டாயா, மகளே? செய்துவிட்டால் இன்றே போய் அம்மாவின் காலில் விழு, நாள் பார்க்காதே. பெற்றவளுக்கு மதம்கூட இரண்டாவதுதான். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் முதலில் குத்தும்.

பட்டர்வொர்த் வாசகி · 9 ஜூன், இரவு 9.20

பெரியம்மா, நான் பதிவு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் நீங்கள் கடைசியாக எழுதிய வரி என்னை விட்டு அகலவில்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேர் எங்கள் வீட்டு ஆட்களே. சித்தியிடம் நானாகப் போய்ச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டார். பட்டர்வொர்த்திலிருந்து நானும் கோலாலம்பூரிலிருந்து அவரும் ரயிலேறினால் ஈப்போதான் ஏறக்குறைய நடுவழி என்பதால் மாதத்தில் ஒரு நாள் அங்கே சந்திப்பது வழக்கம். சித்தி அன்று ஒன்றும் கேட்கவில்லை. அவர் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அம்மாவின் தொலைபேசி அழைப்பைச் சித்தி சில நேரம் எடுப்பதில்லை என்று அம்மா குறைபடும்போதெல்லாம் அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும்.

ஈப்போ சாலை அக்கா · 11 ஜூன், காலை 11.00

தங்கை, என் கதையைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் நான்கு ஆண்டுகள் மறைத்தேன். எங்களுக்கு மதம் ஒன்றுதான்; சாதி வேறு. மலேசியாவில் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் பெண் கேட்கும்போது நடக்கும் பேச்சைக் கேட்டதில்லை.

நான் முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார், பிறகு என்னை அணைத்துக்கொண்டார், ‘அப்பாவிடம் நான் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே’ என்றார். எனக்குப் பாரம் இறங்கியது போல் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அந்தப் பக்குவமான நேரம் எட்டு மாதமாகியும் கிடைக்கவில்லை. கடைசியில் அப்பாவுக்கு வேறு ஒருவர் வழியாகத் தெரிய வந்தபோது, அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘உன் அம்மாவுக்கு எப்போது தெரியும்?’ என்னுடன் மூன்று வாரத்தில் பேசத் தொடங்கிவிட்டார். அம்மாவுடன் அடுத்த தீபாவளி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் இறக்கி வைத்த சுமையை அம்மா தூக்கிக்கொண்டார். நான்தான் தூக்க வைத்தேன். ஆகையால் யாரிடம் முதலில் சொல்வது என்று நீ கேட்கும்போது, அப்படிச் சொல்லப்பட்டவர் அதை எத்தனை நாள் சுமக்க வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்.

ஓய்வுபெற்ற கோயில் செயலாளர் · 11 ஜூன், இரவு 8.45

அந்த அம்மா எழுதியது முற்றிலும் சரி. தாயிடமும் தகப்பனிடமும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

நாளைப் பொறுத்தவரை உங்களுக்கு ஓர் எல்லைக்கோடு ஏற்கனவே விழுந்துவிட்டது. இதுவரை நீங்கள் மறைத்ததில் உங்கள் வீட்டாருக்கு மட்டுமே வருத்தம். தைப்பிங் குடும்பம் தட்டோடு வந்து உங்கள் கூடத்தில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பையனும் அவனைப் பெற்றவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள் ஆகிறார்கள். அதற்குப் பிறகு சொன்னால் உங்கள் அப்பா உங்களை மட்டும் சமாளித்தால் போதாது. தரகருக்கும் அந்தக் குடும்பத்திற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ‘வந்தவர்களை அவமானப்படுத்திவிட்டாள்’ என்ற பேச்சு, உங்கள் காதலை விடப் பெரிதாகிவிடும்.

இந்த ஆண்டு ஆடி ஜூலை 17-இல் பிறக்கிறது. ஆவணி ஆகஸ்ட் 17-இல் பிறக்கிறது. ஆடியில் யாரும் சம்பந்தம் பேச வரமாட்டார்கள். ஆகவே ஆடியின் தொடக்கத்தில் சொன்னால், வெளியார் எவரும் கதவைத் தட்டாத ஒரு முழு மாதம் உங்கள் பெற்றோருக்குக் கிடைக்கும். தரகரிடம் ஜாதகத்தைத் திரும்பக் கேட்பதற்கும் ‘ஆடி கழியட்டும்’ என்பதைவிடக் கௌரவமான சொல் கிடையாது.

ஜெலுத்தோங் பெரியம்மா · 12 ஜூன், காலை 6.50

ஆடியில் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்பார்கள், செயலாளர் ஐயா. அந்த நேரத்தில் சொன்னால், நாளைக்கு எது தவறிப் போனாலும் ‘ஆடியில் ஆரம்பித்த பேச்சு’ என்று அம்மாவே சொல்லுவாள். எனக்கென்னவோ ஆனியிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று படுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. பெற்றவளுக்கு ஓர் இரவாவது வேண்டும். புருஷன் முன்னால் அவள் அழுவதா, ஆத்திரப்படுவதா என்று முடிவு செய்வதற்குள் அவர் கத்திவிட்டால், அவளும் அவர் பக்கமே நின்றாக வேண்டிவரும்.

பட்டர்வொர்த் வாசகி · 15 ஜூன், பகல் 1.10

நேற்று அவருடன் நெடுநேரம் பேசினேன். ஒரு திட்டம் தோன்றியிருக்கிறது. ஜூலை 26 புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழா. அம்மா ஆண்டுதோறும் அங்கே போய் மெழுகுவத்தி ஏற்றுவார். எங்களுக்குச் சின்ன வயதில் உடம்பு சரியில்லாமல் போனபோது நேர்ந்துகொண்ட வழக்கம். இந்த ஆண்டு அது சனிக்கிழமை. அன்று மாலை வீடு திரும்பும் வழியில் சொன்னால் அம்மாவின் மனம் இளகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஆலயத்தின் மேல் அவருக்கு இருக்கும் அன்பே எனக்குத் துணை நிற்கும் அல்லவா?

ஈப்போ சாலை அக்கா · 15 ஜூன், பகல் 3.35

வேண்டாம், தங்கை. உன் அம்மா அங்கே மெழுகுவத்தி ஏற்றுவது அவருக்கும் அந்தத் தாய்க்கும் இடையில் உள்ளது. அதை எடுத்து உன் வழக்குக்குச் சாட்சியாக வைத்தால், அடுத்த ஆண்டு அவர் அந்த மலையடிவாரத்துக்குப் போகும்போதெல்லாம் இந்த நினைவுதான் வரும். ‘அங்கே போய்க் கும்பிட்டதால்தான் இப்படி ஆயிற்று’ என்று அத்தைமார் சொல்லவும் வாய்ப்பாகிவிடும்.

ஓய்வுபெற்ற கோயில் செயலாளர் · 15 ஜூன், இரவு 9.00

நானும் அதையே சொல்வேன். மதம்தான் சிக்கல் என்று இருக்கும்போது, இரு மதத்தின் திருநாளும் வேண்டாம். சாதாரண ஞாயிற்றுக்கிழமை போதும். மறுநாள் வேலை நாள் என்பதால் எல்லாருக்கும் விலகிப் போய் மூச்சுவிட ஓர் இடம் இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று: திருமணத்தை எங்கே வைத்துக்கொள்வதாக இருக்கிறீர்கள்? பிள்ளைகளை எப்படி வளர்ப்பீர்கள்? உங்கள் பெற்றோர் இதை முதல் நாளே கேட்பார்கள். ‘அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால், நீங்கள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்றே புரிந்துகொள்வார்கள்.

கிள்ளான் தம்பி · 15 ஜூன், இரவு 10.25

சர்ச்சில் கல்யாணம் என்றால் அக்கா ஞானஸ்நானம் எடுத்தே ஆக வேண்டும், ஐயா. அதைத் தவிர்க்க முடியாது என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கோயில் செயலாளர் · 16 ஜூன், காலை 7.15

இல்லை, தம்பி. பலரும் அப்படியே நினைக்கிறார்கள். பெற்றோர் கோபத்தில் பாதி இந்தத் தவறான செய்தியால் வருவதுதான். எங்கள் கோயிலில் ஒரு முறை தாலி கட்டி, அதே வாரம் ஆலயத்திலும் மணம் முடித்த ஒரு தம்பதிக்காக நான் பங்குத் தந்தையிடம் நேரில் பேசியிருக்கிறேன். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணக்க, ஆயரின் விதிவிலக்கு அனுமதி வேண்டும். அதைப் பங்குத் தந்தை வழியாகக் கேட்பார்கள். அந்தப் பெண் மதம் மாறவில்லை. மாறும்படி யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் கத்தோலிக்கரிடம் ஒரு வாக்குறுதி வாங்குவார்கள். தம் விசுவாசத்தை விட்டுவிடமாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்பது அது. வாக்குக் கொடுப்பவர் அவர் மட்டுமே, உங்களிடம் வாங்கமாட்டார்கள். ஆனால் அவர் அப்படிக் கொடுத்திருக்கிறார் என்பதை உங்களுக்குத் தெரிவிப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டில் போய், ‘பிள்ளைகள் அவர்கள் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டால், பிறகு அம்மாவுக்கு அந்த வாக்குறுதி தெரியவரும் நாளில் நீங்கள் மறுபடியும் மறைத்தவர் ஆவீர்கள். ஆகவே அவரிடம் நேராகக் கேளுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி · 22 ஜூன், இரவு 11.30

கேட்டேன். இரண்டு ஆண்டுகளில் நாங்கள் இருவரும் உண்மையாகவே சண்டையிட்டது இதுதான் முதல் முறை. அவருக்கு அந்த வாக்குறுதி இருப்பது தெரியும். நான் கேட்காததால் அவர் சொல்லவில்லை என்கிறார். என் பெற்றோரிடம் நான் செய்ததையே அவர் எனக்குச் செய்திருக்கிறார் என்று தோன்றியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. திருமணம் இரு முறைப்படியும் நடக்கும், நான் மாறமாட்டேன், இதில் இருவருக்கும் ஒப்புதல். பிள்ளைகளைப் பற்றி முடிவுக்கு வரவில்லை. முடிவுக்கு வரவில்லை என்பதையே வீட்டில் அப்படியே சொல்வது என்று தீர்மானித்திருக்கிறோம்.

நாள் ஜூலை 20, ஞாயிறு.

பட்டர்வொர்த் வாசகி · 11 ஜூலை, இரவு 11.50

எல்லாம் மாறிவிட்டது. இன்று அஞ்சலில் அப்பா பெயருக்கு ஒரு சம்மன் வந்திருக்கிறது. கார் அப்பா பெயரில் இருக்கிறது. மே 31, சனிக்கிழமை, காலை 10.42, தைப்பிங் அருகே நெடுஞ்சாலையில் வேக வரம்பை மீறியது என்று இடமும் நேரமும் அதில் அச்சாகியிருக்கின்றன. அன்று ரயிலில் இடம் கிடைக்காததால் காரை எடுத்துக்கொண்டு ஈப்போ போனேன். வீட்டில், தொழிற்சாலையில் பயிற்சி என்று சொல்லியிருந்தேன். இரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தும், புகைப்படம் எதிலும் நிற்காமல் ஒதுங்கியும், யார் கண்ணிலும் படாமல் இருந்தேன். காகிதம் ஒன்று வீட்டுக்கே வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அப்பா கத்தவில்லை. சம்மனை மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரியின் கீழ் விரலை வைத்து, ‘அன்று உனக்குப் பயிற்சி என்றாயே?’ என்றார். நான் தோழியோடு ஈப்போ போனதாகச் சொன்னேன். பழைய பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அவர் ‘சரி’ என்றார். அந்த ‘சரி’யை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஈப்போ சாலை அக்கா · 12 ஜூலை, அதிகாலை 12.20

தங்கை, 20-ஆம் தேதி வரை காத்திருக்காதே. உன் அப்பா நம்பவில்லை. நீயே சொல்வாய் என்று இடம் கொடுத்திருக்கிறார். அந்த இடம் அதிக நாள் திறந்திருக்காது. அவர் நாளைக்கு உன் தோழியின் அப்பாவை எங்காவது பார்த்துப் பேசிவிட்டால், அதன் பிறகு நீ சொல்வது வாக்குமூலமாகத்தான் இருக்கும். இந்த வார இறுதிக்குள் சொல்லிவிடு. சொல்லும்போது தோழியின் பெயரை இழுத்ததையும் சேர்த்தே ஒப்புக்கொள்.

ஓய்வுபெற்ற கோயில் செயலாளர் · 12 ஜூலை, காலை 6.40

நானும் என் ஆடிக் கணக்கை விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். எத்தனை நாளாக என்று கேட்டால் குறைக்காதீர்கள். இரண்டு ஆண்டை ஆறு மாதமாகச் சொல்லிவிட்டுப் பின்னர் பிடிபட்டவர்களை எனக்குத் தெரியும். யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டாலும் முழுமையாகச் சொல்லுங்கள். ஆனால் சித்தியிடமும் தம்பியிடமும் இன்றே பேசி, அவர்கள் பெயரைச் சொல்லப் போவதை அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி · 14 ஜூலை, இரவு 10.00

நேற்று சொல்லிவிட்டேன்.

பெரியம்மாவுக்கும் செயலாளர் ஐயாவுக்கும் இடைப்பட்ட வழியைத்தான் எடுத்துக்கொண்டேன். காலையில் அம்மாவிடம், பகல் உணவுக்கு முன் அப்பாவிடம். அம்மா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் கிள்ளத் தொடங்கினேன். ஒரு கைப்பிடி முடிந்ததும், ‘அம்மா, நான் ஈப்போவுக்குத் தோழியோடு போகவில்லை’ என்றேன். அங்கிருந்து தொடங்கியது நல்லதாயிற்று என்று இப்போது நினைக்கிறேன். மற்றவை அந்த ஒரு வாக்கியத்தின் பின்னாலேயே வந்துவிட்டன.

அம்மாவின் கை நிற்கவே இல்லை. நான் எல்லாம் சொல்லி முடிக்கும் வரை கிள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால் தலையும் உடலும் ஒரே குவியலில் கிடந்தன. அவர் கேட்ட முதல் கேள்வி நாங்கள் எதிர்பார்த்துத் தயாரித்த எதுவும் இல்லை. ‘அவர்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பார்களா?’ என்றார். வீட்டில் சமைப்பதில்லை, அவர் வெளியில் எப்போதாவது சாப்பிடுவார் என்றேன். சாப்பிடவே மாட்டார் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. இரண்டாவது கேள்வி, ‘எத்தனை நாளாக?’ இரண்டு ஆண்டு நான்கு மாதம் என்றேன். மூன்றாவது, ‘வேறு யாருக்குத் தெரியும்?’ தங்கையின் பெயரைக் கேட்டதும்தான் அம்மா அழுதார். முன்பே ஐயா சொன்னபடி சித்தியிடம் பேசியிருந்ததால், அம்மா அடுத்த நிமிடமே அழைத்தபோது சித்தி எடுத்தார்.

அப்பாவிடம் அம்மாவே உடன் வந்து நின்றார். அப்பா கேட்டுவிட்டு எழுந்து போய், வாசலில் காரின் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. இரவு தனியாகச் சாப்பிட்டார்.

ஜெலுத்தோங் பெரியம்மா · 15 ஜூலை, காலை 7.30

நல்லது செய்தாய், மகளே. அப்பாவைப் பின்தொடர்ந்து போய்ச் சமாதானம் பேசாதே. சோற்றை மட்டும் எடுத்து வை. தரகரிடம் ஜாதகத்தைத் திரும்பக் கேட்க அம்மாவை வற்புறுத்தாதே, அவளாகக் கேட்பாள்.

பட்டர்வொர்த் வாசகி · 3 ஆகஸ்ட், இரவு 9.40

பெரியம்மா சொன்னதில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. அம்மா தானாகக் கேட்கவில்லை. ஆடி மூன்றாவது வாரமும் வந்துவிட்டது, தைப்பிங் குடும்பம் ஆகஸ்ட் 24 என்று நாளும் சொல்லியனுப்பிவிட்டது. நானே அம்மாவிடம், ‘அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள் அம்மா’ என்றேன். செயலாளர் ஐயா சொன்னதை அப்படியே என் வார்த்தையில் சொன்னேன். அன்று மாலை அப்பாதான் தரகரை அழைத்தார். என்ன காரணம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஜாதகம் திரும்ப வந்துவிட்டது.

அப்பா என்னுடன் தேவைக்கு மட்டும் பேசுகிறார். சம்மன் பணத்தை நான் கட்டலாம் என்று காகிதத்தைத் தேடினேன். கார்ப் பத்திரங்கள் வைக்கும் உறையில் அது இருந்தது. ஏற்கனவே கட்டிய ரசீது பின்னால் இணைக்கப்பட்டிருந்தது.

ஈப்போ சாலை அக்கா · 4 ஆகஸ்ட், பகல் 12.15

அவர் பெற்றோரை எப்போது வரச் சொல்லப் போகிறாய்? அவர்கள் வீட்டில் முன்பே தெரியுமா?

பட்டர்வொர்த் வாசகி · 18 ஆகஸ்ட், இரவு 10.30

அவர் தம் வீட்டில், நான் சொன்ன அதே ஞாயிறு மாலையில் சொன்னார், அப்படித்தான் பேசிக்கொண்டோம். அவர் அம்மாவுக்கும் வருத்தம் உண்டு. ‘கோயிலில் தாலி கட்டினால் என் அண்ணன்மார் வந்து நிற்பார்களா’ என்று கேட்டாராம். வருத்தம் எங்கள் பக்கம் மட்டும்தான் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு, அவர்கள் மூவரும் ரயிலில் வருகிறார்கள். அம்மா சம்மதித்துவிட்டார் என்று சொல்ல முடியாது; ‘வந்தால் வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா’ என்றார், அவ்வளவுதான். அப்பா அன்று வீட்டில் இருப்பேன் என்றும் சொல்லவில்லை, இருக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு நாங்கள் இன்னும் விடை காணவில்லை. அவர்கள் பங்குத் தந்தையை இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்கச் செப்டம்பரில் நேரம் வாங்கியிருக்கிறோம்.

இன்னும் ஒருவர் மிச்சமிருக்கிறார். கூலிமில் இருக்கும் அப்பாவின் அக்கா. அம்மா பக்கத்தில் சித்திக்கு முன்பே தெரியும், தமக்குக் கடைசியில்தான் தெரிந்தது என்று அத்தை அப்பாவிடம் மனத்தாங்கல் பட்டிருக்கிறார். சனிக்கிழமை காலை நான் தனியாகக் கூலிமுக்குப் போகிறேன். அப்பாவிடம் காரைக் கேட்டேன். ‘எங்கே போகிறாய்?’ என்றார். சொன்னேன். சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.